பதிலை அதே இடத்தில் எழுதுவதா, தனிச் சாளரத்தில் எழுதுவதா?

பட்டர்வொர்த்தில் ஒரு ஃபார்வர்டிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கப்பலில் வரும் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுத்து, லோரியில் ஏற்றி, வாடிக்கையாளரின் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் தொழில். எல்லாமே மின்னஞ்சலில்தான் நடக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான்தான் அவுட்லுக் சொல்லிக் கொடுப்பேன். அதில் அதிகம் குழப்புகிற ஓர் அமைப்பைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

ஒரு மெயிலுக்கு Reply அழுத்தினால் பதில் எழுதும் பெட்டி எங்கே திறக்க வேண்டும் என்பதுதான் அது. மெயிலைப் படித்துக்கொண்டிருந்த அதே இடத்திலேயே திறக்கலாம். அல்லது தனிச் சாளரமாக வெளியே வந்து திறக்கலாம். விண்டோஸ் அவுட்லுக்கில் 2013 பதிப்பிலிருந்து முதல் வகைதான் தானாக வரும். அதற்கு முந்தைய பதிப்புகளில் பழகியவர்களுக்கு எப்போதும் தனிச் சாளரம்தான் திறந்தது. அதனால் ஒரே அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். புதியவர் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்.

ஒரு விஷயத்தை முதலில் பிரித்துவிடுவோம். ஒருவர் அனுப்பிய மெயிலின் வரிகளுக்கு நடுவே நம் பதில்களைச் செருகி எழுதுவதையும் சிலர் இன்லைன் பதில் என்பார்கள். அது எழுதும் பாணி. நான் இங்கே சொல்வது அதையல்ல, பெட்டி திறக்கும் இடத்தை மட்டும். தனிச் சாளரத்தில் உட்கார்ந்தும் வரிகளுக்கு நடுவே எழுதலாம். இரண்டுக்கும் தொடர்பில்லை.

நான் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வது ஒரே கேள்விதான்: இந்தப் பதிலை எழுதி முடிப்பதற்குள் வேறொரு மெயிலைத் திறந்து பார்க்க வேண்டிவருமா? வராது என்றால் அதே இடத்தில் எழுதலாம். வரும் என்றால் முதல் சொல்லைத் தட்டுவதற்கு முன்பே பெட்டியைத் தனியாக வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஏன் என்று என் கதையிலேயே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் லோரி வாடகை எவ்வளவு என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். அந்த அலுவலகத்தில் அப்போது பெட்டி உள்ளேயேதான் திறக்கும். பாதி எழுதியதும் லோரிக்காரரின் விலையைப் பார்க்க அவர் மெயிலைச் சொடுக்கினேன். அவரிடமும் ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருந்ததால் அங்கேயும் Reply அழுத்தி இரண்டு வரி எழுதினேன். நடுவில் தொலைபேசி வந்தது. பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது எதிரே ஒரு பதில் பெட்டி இருந்தது. வாடிக்கையாளருக்கு எழுதியது என்று நினைத்து, எங்கள் லாபம் சேர்த்த விலையை அதில் எழுதி அனுப்பிவிட்டேன். அது லோரிக்காரருக்குப் போய்விட்டது. அவர் 480 ரிங்கிட் கேட்டிருந்தார், நாங்கள் வாடிக்கையாளரிடம் 560 வாங்கப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்துபோனது. அடுத்த மாதம் அதே பயணத்துக்கு அவர் 530 கேட்டார். அதற்கு நான் எந்தப் பதிலும் சொல்ல முடியவில்லை.

கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அமைப்பே இப்படித் தவறவிட இடம் கொடுக்கிறது. உள்ளே திறக்கும் பெட்டி, நீங்கள் பட்டியலில் எந்த மெயிலின் மேல் நிற்கிறீர்களோ அதனுடன் ஒட்டிக்கொண்டது. வேறு மெயிலைச் சொடுக்கிய கணமே எழுதியது திரையிலிருந்து மறைந்து, புது மெயில் அந்த இடத்தில் வந்து உட்காரும். பார்வைக்கு இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில், ஒரே அளவில் இருக்கும். தனிச் சாளரம் என்றால் மேல் பட்டையில் மெயிலின் தலைப்பு எழுதியிருக்கும். எங்கே சொடுக்கினாலும் அது நகராது.

சரி, செய்து பார்ப்போம்.

முதலில் உங்கள் கணினியில் இருப்பது எந்த அவுட்லுக் என்று பாருங்கள். மேலே இடது மூலையில் File, அதற்குள் Options என்று இருந்தால் அது பழைய வகை, கிளாசிக் என்பார்கள். நம் அலுவலகங்களில் இன்னமும் இதை நிறையப் பார்க்கலாம், கீழே சொல்வதும் இதற்குத்தான். உங்களுடையது மலாய் மொழியில் இருந்தால் சொற்கள் மாறும், இடம் மாறாது.

பட்டியலில் ஒரு மெயிலை ஒரே ஒரு முறை சொடுக்குங்கள். வலப்பக்கமோ கீழேயோ அதன் உள்ளடக்கம் தெரியும். அந்தப் பகுதிக்கு Reading Pane என்று பெயர். அது தெரியவில்லை என்றால் View மெனுவில் Reading Pane போய் Right தேர்ந்தெடுங்கள். அந்தப் பகுதி அணைந்திருந்தால் உள்ளேயே பதில் எழுத இடமே கிடையாது, Reply எப்போதும் தனிச் சாளரமாகத்தான் திறக்கும். என் கணினியில் மட்டும் வேறு மாதிரி வருகிறதே என்று கேட்பவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான்.

இப்போது Reply அழுத்துங்கள், அல்லது Ctrl+R. பெட்டி அங்கேயே திறக்கும். அதன் மேல் இடது பக்கத்தில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கும்: Pop Out, Discard. முதலாவதைச் சொடுக்கினால் எழுதியது எதுவும் போகாமல் பெட்டி தனிச் சாளரமாக வெளியே வரும். பாதி எழுதிய பிறகும் இதைச் செய்யலாம். இரண்டாவது, எழுதியதைத் தூக்கிப் போடுவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அவசரத்தில் கை மாறிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

Pop Out தேடவே வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. மெயிலைப் பட்டியலில் இரு முறை சொடுக்கித் தனியாகத் திறந்துவிட்டு, அங்கே Reply அழுத்துங்கள். பதிலும் தனியாகவே வரும். எந்த அமைப்பையும் தொட வேண்டியதில்லை.

எப்போதும் தனியாகவே திறக்கட்டும் என்று நிரந்தரமாக வைக்க வேண்டுமானால் இப்படிப் போகவும்:

```
File > Options > Mail > Replies and forwards
[x] Open replies and forwards in a new window
OK
```

Mail பக்கத்தில் கொஞ்சம் கீழே இறங்கினால்தான் அந்தப் பகுதி வரும். அதே பகுதியில் Close original message window when replying or forwarding என்று இன்னொரு கட்டமும் இருக்கும். மெயிலை இரு முறை சொடுக்கித் திறக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது உதவும். பதில் சாளரம் திறந்ததும் மூல மெயிலின் சாளரம் தானாக மூடிக்கொள்ளும், திரையில் சாளரங்கள் குவியாது. ஆனால் மூல மெயிலைப் பார்த்துப் பார்த்து எழுதுபவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இனி, தினமும் நாங்கள் செய்கிற ஒரு வேலையை வைத்து இதைப் பார்ப்போம். பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து மெயில் வருகிறது. மூன்று கேள்விகள்: கப்பல் பட்டர்வொர்த்துக்கு என்றைக்கு வரும், ஆறு பேலட் சரக்கைப் பாலம் தாண்டி தீவுக்குக் கொண்டுவர லோரிக்கு எவ்வளவு, வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் சரக்கு கைக்கு வருமா. முதல் கேள்விக்கு விடை கப்பல் ஏஜெண்ட் அனுப்பிய அரைவல் நோட்டீஸில் இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் லோரிக்காரரின் மெயிலில். ஆக, இந்த ஒரு பதிலுக்கு இரண்டு வேறு மெயில்களைத் திறந்தாக வேண்டும்.

வாடிக்கையாளரின் மெயிலைச் சொடுக்கி, Reply, உடனே Pop Out. வெளியே வந்த சாளரம் தேர்வில் இருக்கும்போதே விசைப்பலகையில் விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு வலது அம்பை அழுத்துங்கள். அது திரையின் வலது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். இடது பாதியில் என்ன வைக்கலாம் என்று விண்டோஸ் கேட்டால் அவுட்லுக்கின் முதன்மைச் சாளரத்தைத் தேர்ந்தெடுங்கள். கேட்கவில்லை என்றால் அந்தச் சாளரத்தைச் சொடுக்கி விண்டோஸ் விசையும் இடது அம்பும். இப்போது வலப்பக்கம் நீங்கள் எழுதும் பதில், இடப்பக்கம் இன்பாக்ஸ் முழுவதும். சின்ன மடிக்கணினியில் இடப்பக்கம் நெரிசலாகத் தெரிந்தால் இடது ஓரத்தில் இருக்கும் ஃபோல்டர் பட்டியலைச் சுருக்கிவிடுங்கள், படிக்கிற அளவுக்கு இடம் கிடைக்கும்.

இடப்பக்கம் அரைவல் நோட்டீஸைச் சொடுக்குங்கள். தேதியை நகலெடுத்து வலப்பக்கம் ஒட்டுங்கள். தேதியைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யாதீர்கள், மாதமும் நாளும் இடம் மாறிப்போவது இங்கேதான். அப்புறம் லோரிக்காரரின் மெயிலைச் சொடுக்குங்கள். அவர் விலையோடு அலுவலகத்தின் பங்கைக் கூட்டி, கூட்டிய தொகையை மட்டும் பதிலில் எழுதுங்கள். லோரிக்காரரிடம் நேரம் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால் அதையும் இப்போதே கேட்கலாம். அவர் மெயிலில் Reply அழுத்தினால் அது இடப்பக்கத்திலேயே, அவர் மெயிலின் மேலேயே திறக்கும். வாடிக்கையாளருக்கான பதில் வலப்பக்கம் அசையாமல் நிற்கும். நான் அன்று குழம்பியது போல் குழம்ப இங்கே வழியில்லை, ஏனென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே இருக்கின்றன.

Send அழுத்துவதற்கு முன் மேல் பட்டையில் தலைப்பையும் To வரியில் பெயரையும் ஒருமுறை படியுங்கள். பட்டையில் RE: என்று தொடங்கித் தலைப்பு வரும், அதன் பிறகு Message என்று இருக்கும். அதைப் படிக்க இரண்டு விநாடி போதும்.

இதைக் கேட்டதும் புதிதாக வந்த ஒரு பெண், "அப்படின்னா அந்தக் கட்டத்தில் டிக் போட்டு எப்பவும் தனியாவே திறந்துக்கலாமே அக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உடனே போடாதே, ஒரு நாள் எண்ணிப் பார் என்றேன். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினாள். அன்றைக்கு அவள் அனுப்பியது 31 பதில்கள். அதில் வேறு மெயிலைப் பார்க்க வேண்டிவந்தது 9. மற்றதெல்லாம் "கிடைத்தது, நன்றி", "சரி, நாளை அனுப்புகிறேன்" மாதிரி ஒரு வரி. அந்த 22 பதில்களுக்கும் சாளரம் திறந்து மூடுவது வீண் வேலை. அவளுக்கு உள்ளேயே திறப்பதுதான் பொருத்தம், தேவைப்படும் 9-க்கு மட்டும் Pop Out. ஆனால் அடுத்த மேசையில் விலைப்பட்டியல் தயாரிப்பவருக்குக் கணக்கு தலைகீழ். அவர் எழுதும் பதிலில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று மெயில்களைப் பார்த்துத்தான் எழுத முடியும். அவர் கட்டத்தில் டிக் போட்டுவைத்திருப்பது சரி. பாதிக்கு மேல் போனால் டிக், குறைந்தால் வேண்டாம். நான் வைத்திருக்கும் கணக்கு இவ்வளவுதான்.

தனிச் சாளரத்துக்கும் ஒரு கேடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. அது நகராமல் நிற்கும் என்றேன் அல்லவா, வேறு சாளரங்களுக்குப் பின்னாலும் அப்படியே நிற்கும். பாதி எழுதிவிட்டு எக்செல் திறப்பீர்கள், பிறகு பிரவுசர், பிறகு யாராவது கூப்பிடுவார்கள். மாலையில் பார்த்தால் காலையில் எழுதிய பதில் அனுப்பாமல் பின்னால் கிடக்கும். அனுப்பிவிட்டோம் என்று மனம் நம்பிக்கொண்டிருக்கும். உள்ளே எழுதும்போது வேறு விதமாகக் கிடக்கும்: பட்டியலில் அந்த மெயிலின் மேல் சிவப்பு எழுத்தில், சதுர அடைப்புக்குள் Draft என்று தெரியும். மெயில் பழசாகிப் பட்டியலில் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சிவப்பும் கண்ணில் படாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். வீட்டுக்குக் கிளம்புமுன் Drafts ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அவுட்லுக் அனுப்பாத மெயிலைத் தானாக அங்கே சேமித்துக்கொண்டே இருக்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்பது அதே Mail பக்கத்தில் Save messages பகுதியில் இருக்கும், மாற்றாமல் விட்டால் 3 நிமிடம். அதனால் தனிச் சாளரத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் எழுதிய எதுவும் அங்கே வந்திருக்கும். தவறுதலாக X அழுத்தி மூடினாலும், சேமிக்கவா என்று கேட்கும்போது Yes சொன்னால் அங்கே போய்விடும். உள்ளே எழுதிவிட்டு வேறு மெயிலைச் சொடுக்கினாலும் அப்படித்தான், எழுதியது அழிவதில்லை. புதியவர்கள் போய்விட்டது என்று பதறி மறுபடியும் Reply அழுத்தி முழுவதும் எழுதுவார்கள். அப்போது ஒரே மெயிலுக்கு இரண்டு பதில்கள் கிடக்கும். இரண்டு நாள் கழித்து யாராவது பாதியில் நிற்கும் முதலாவதை அனுப்பிவிடுவார்கள். மறைந்துபோனால் முதலில் பழைய மெயிலைத் திரும்பச் சொடுக்குங்கள், இல்லையென்றால் Drafts-இல் தேடுங்கள்.

உள்ளே எழுதும்போது இன்னொன்று இடிக்கும். தனிச் சாளரத்தில் மேலே இருக்கும் Insert, Options போன்ற தாவல்கள் இங்கே இருக்காது, மெயில் எழுதுவதற்கென்று Message என்ற ஒரு தாவல்தான் வரும். முதலாளி, இந்தப் பதில் நாளைக் காலை எட்டு மணிக்குப் போகட்டும் என்பார். அதற்கான Delay Delivery என்ற பொத்தான் Options தாவலில் இருக்கிறது. உள்ளேயே உட்கார்ந்து தேடினால் கிடைக்காது. அவுட்லுக் கெட்டுவிட்டது என்று கணினிக்காரரைக் கூப்பிட வேண்டாம், Pop Out அழுத்தினால் எல்லாத் தாவல்களும் திரும்ப வந்துவிடும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: உங்கள் கணக்கு POP அல்லது IMAP வகை என்றால் அந்த எட்டு மணிக்கு உங்கள் கணினியில் அவுட்லுக் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெயில் போகாது.

ஜிமெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கொஞ்சம் வேறு. அங்கே பதில் பெட்டி உரையாடலின் அடியில் உள்ளேயே திறக்கும். எப்போதும் தனியாகத் திற என்று சொல்ல நிரந்தர அமைப்பு கிடையாது, ஒவ்வொரு முறையும் நாம்தான் சொல்ல வேண்டும். பெட்டியின் இடது மேல் மூலையில், பெறுநர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் Pop out reply வரும். அழுத்தியதும் பெட்டி பிரவுசரின் வலது கீழ் மூலையில் மிதக்கும். பின்னால் எந்த மெயிலையும் திறந்து பார்க்கலாம், பெட்டி போகாது. அதே அம்புக்குள் Edit subject என்பதும் இருக்கிறது. தலைப்பை மாற்ற நினைத்தால் பெட்டி தானாகவே வெளியே வந்துவிடும். ஆனால் தலைப்பை மாற்றினால் பதில் பழைய உரையாடலிலிருந்து பிரிந்து புதியதாகப் போகும், வாடிக்கையாளர் முன்பு பேசியதைத் தேடிக்கொண்டிருப்பார். காரணம் இல்லாமல் மாற்ற வேண்டாம்.

அம்பைத் தேடிச் சலித்தவர்களுக்கு விசை இருக்கிறது. வலது மேலே பல்சக்கரத்தை அழுத்தி See all settings போங்கள். General தாவலில் Keyboard shortcuts on தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடிக்குப் போய் Save Changes அழுத்துங்கள். அந்தக் கடைசிப் பொத்தானை மறந்தால் எதுவும் மாறாது. அதன் பிறகு மெயிலைத் திறந்துவைத்து `r` அழுத்தினால் உள்ளே பதில், `Shift+r` அழுத்தினால் தனியாக. எல்லாருக்கும் பதில் என்றால் `a`, `Shift+a`. ஒரே விசையோடு ஷிஃப்ட் சேர்ப்பதுதான் வித்தியாசம் என்பதால் இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

மிதக்கும் பெட்டி போதாது, நிஜமாகவே வேறு சாளரமாகத் திரையின் பாதியில் வைக்க வேண்டும் என்றால், அந்தப் பெட்டியின் மேலே முழுத்திரைக்கான அம்புகள் இருக்கும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அதைச் சொடுக்குங்கள். பதில் தனி பிரவுசர் சாளரமாக வந்துவிடும். அப்புறம் விண்டோஸ் விசையும் வலது அம்பும், மேலே சொன்ன அதே முறைதான்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, அங்கே பதில் எப்போதும் தனிச் சாளரமாகத்தான் திறக்கும். அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது அனுப்பாமல் பின்னால் கிடக்கும் சாளரங்களை மட்டும்தான். கிளம்பும் நேரத்தில் கீழே பணிப்பட்டையில் தண்டர்பேர்ட் சின்னத்தின் மேல் சுட்டியை நிறுத்தினால் எத்தனை திறந்திருக்கின்றன என்று தெரியும்.